வெந்நீர்க் குழாய் நகரும் திசை

புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு பதினான்கு மாடிக் குடியிருப்பில், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் வெந்நீர்க் குழாயில் கசிவு என்று என்னைப் பார்க்கச் சொன்னார்கள். வெந்நீருக்கான சி.பி.வி.சி. பிளாஸ்டிக்கில் இரண்டு அங்குலக் குழாய், மாடிக்கு மூன்று மீட்டர் வீதம் நாற்பத்திரண்டு மீட்டர் உயரம், ஒவ்வொரு மாடியிலும் வீடுகளுக்குக் கிளை பிரிக்கும் ஒரு டீ, அதாவது மூவழி இணைப்பு. கசிந்தவை ஒன்பதாம் மாடிக்கு மேலிருந்த டீக்கள் மட்டுமே. கீழ் மாடிகளில் ஒரு சொட்டுகூட இல்லை. பசை ஒட்டியதில் குறை என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஒட்டியதில் குறை இருந்திருந்தால் கசிவு அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்திருக்கும். உயரம் கூடக் கூடச் சேதமும் கூடியிருக்காது.

சி.பி.வி.சி. குழாய் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்பம் ஏறினால், சுமார் 0.06 மில்லிமீட்டர் நீள்கிறது. செம்பைவிட இது மூன்றரை மடங்கு அதிகம். முப்பது டிகிரி வெயிலில் பொருத்திய குழாயில் அறுபது டிகிரி நீர் ஓடினால், மாடி ஒன்றுக்கு ஐந்தரை மில்லிமீட்டர், முழு உயரத்துக்கு ஏறக்குறைய 77 மில்லிமீட்டர். நீள்வதை நம்மால் தடுக்க முடியாது; அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்லலாம். அதைச் சொல்வதுதான் குழாயை ஓரிடத்தில் அசையாமல் பிடிக்கும் ஆங்கரின் வேலை. இங்கே குழாய் தரைத்தளத்தில் மட்டும் கெட்டியாகப் பிடிக்கப்பட்டிருந்ததால், நீட்சி முழுவதும் மேல்நோக்கிச் சேர்ந்துகொண்டே போயிருந்தது. பத்தாம் மாடியில் அது 55 மில்லிமீட்டர். அங்கிருந்த கிளைக்குழாயோ டீயிலிருந்து ஒரு சாண் தள்ளியே சுவருக்குள் புகுந்து சிமென்டில் உறைந்திருந்தது. செங்குத்தான தண்டுக்குழாய் மேலே போக, கிளை அசைய மறுக்க, டீயின் கழுத்து தினமும் வளைந்து மீண்டது.

இதை உறுதி செய்ய, அதிகாலையில் குழாய் குளிர்ந்திருந்தபோது, சில மாடிகளில் கிளாம்பின் விளிம்பை ஒட்டிக் குழாயின்மேல் பென்சிலால் கோடு போட்டோம். காலைக் குளியல் நேரம் முடிந்தபின் பார்த்தபோது மூன்றாம் மாடிக் கோடு ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. பதினொன்றாம் மாடியில் குழாய் பக்கவாட்டில் வில்லாக வளைந்திருந்தது. அந்த மாடியில் தளத்துளையைக் கொத்தனார் கலவையால் அடைத்திருந்தார். அவர் அறியாமலேயே அது ஓர் ஆங்கராகிவிட்டது. கிளை பிடித்ததும் அடைத்த துளை பிடித்ததும் சேர்ந்துதான் குழாயை வளைத்திருந்தன.

மாற்றியமைத்தபோது அடியிலும் ஏழாம் மாடியிலும் உச்சியிலுமாக மூன்று ஆங்கர் வைத்து, இடையிலுள்ள இரண்டு இருபத்தோரு மீட்டர் துண்டுகளின் நடுவிலும், வளைந்து நீட்சியை வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு லூப் போட்டோம். ஒவ்வொரு லூப்பும் 38 மில்லிமீட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். கீழிருந்து பாதி, மேலிருந்து பாதி. குழாயின் விட்டத்தையும் அறுபது டிகிரியில் அதன் தாங்குதிறனையும் வைத்துக் கணக்கிட்டு, லூப்பின் மொத்த நீளத்தை ஒன்றேகால் மீட்டராக வைத்தோம். அதில் கிடையான கால்கள் ஐம்பது சென்டிமீட்டர் வீதம் இரண்டு, அவற்றை இணைக்கும் நிமிர்ந்த துண்டு இருபத்தைந்து சென்டிமீட்டர். குழாய்கள் இறங்கும் ஷாஃப்டின் ஆழம் போதுமானதாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். பல கட்டடங்களில் இந்த இடம் வரைபடத்திலேயே ஒதுக்கப்படாததால்தான் லூப் கைவிடப்படுகிறது என்பது என் வருத்தம். லூப்பின் கால்களில் கிளாம்ப் எதுவும் போடக்கூடாது. அவை வளைவதற்காகவே இருப்பவை.

ஆங்கரை இறுக்கி நெரிக்கவும் கூடாது. குழாயைவிடத் தடித்த இணைப்பு வளையங்களான இரண்டு கப்ளிங்குகளை அதன்மேல் ஒட்டி, அவற்றுக்கிடையே கிளாம்ப் உட்கார்ந்தால், கப்ளிங்கின் தோள்கள் அதில் முட்டி நின்று, குழாய் காயப்படாமல் பிடிபடும். மற்ற மாடிகளில் உள்ளவை கைடுகள்: பக்கவாட்டு அசைவைத் தடுத்து, மேலும் கீழும் சரிய விட வேண்டியவை. இதைத்தான் புரியவைக்க அதிக நேரமானது. "டைட்டா இருந்தாதான் சார் நிக்கும்" என்றார் மூத்த பிளம்பர். எடையை ஆங்கர்கள் தாங்கிக்கொள்ளும் என்று விளக்கி, கைடு கிளாம்புக்குள் குழாயைக் கையால் உருட்டிப் பார்க்கச் சொன்னேன். உருண்டால் அது கைடு, உருளாவிட்டால் ஆங்கர். அதன்பின் அவரே ஒவ்வொரு மாடியிலும் உருட்டிப் பார்த்துத்தான் கீழே இறங்கினார். தளத்துளைகளில் ஒரு சைஸ் பெரிய குழாய்த் துண்டை ஸ்லீவாக வைத்தோம். லூப்பை ஒட்டிய மாடிகளில் தண்டு இன்னும் 19 மில்லிமீட்டர் நகரும் என்பதால், அங்கே கிளைகளை ஷாஃப்டுக்குள்ளேயே திருப்பி, சுவரைத் தொடுமுன் அறுபது சென்டிமீட்டர் தொங்கலாக விட்டோம்.

இந்தக் கணக்கு முழுவதும் அறுபது டிகிரி நீருக்கானது. மேலே இருப்பது சூரியவெப்பத் தொட்டி. மே மாதத்தில் வீடுகள் பூட்டிக்கிடந்தால் நீர் எண்பது டிகிரியைத் தொடும். அப்போது ஒரு துண்டின் நீட்சி 64 மில்லிமீட்டராகும். குழாயும் இளகி, அது தாங்கும் அழுத்தம் குளிர்ந்த நிலையில் தாங்குவதில் கால்பங்காகக் குறையும். ஆகவே தொட்டியின் வெளிவாயிலிலேயே குளிர்நீர் கலந்து அறுபதுக்கு மேல் விடாத ஒரு வால்வைப் பொருத்தச் சொல்லி, அதற்கான வேலையையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்தோம்.