பாவ்ஸா, பைஸா, துட்டு: மராத்தி மழைப்பாட்டை தமிழ்ல கொண்டு வந்த கதை

மொழிபெயர்ப்பு டிப்ளமோ கடைசி செமஸ்டர்ல எங்களுக்கு ஒரு பிராக்டிகல் பேப்பர். வேற மொழி சிறுவர் பாட்டு ஒண்ண எடுத்து தமிழ்ல பாடுற மாதிரி கொடுக்கணும், கூட நாலு பக்கம் குறிப்பு, அப்புறம் வைவா. சின்ன வயசுல அப்பா வேலைக்காக நாலு வருஷம் புனேல இருந்தோம், அங்க மழை வந்தா எல்லா பசங்களும் கத்துற ஒரு பாட்டு எனக்கு இன்னும் மறக்கல, சரி இதுதான்னு எடுத்துட்டேன். எட்டே வரி, ஒரு நைட்ல முடிச்சிடலாம்னு நெனச்சேன், மூணு வாரம் ஆச்சு.

பாட்டு இதுதான், யாரு எழுதுனதுன்னு இல்லாத வாய்வழிப் பாட்டு:

யே ரே யே ரே பாவ்ஸா
துலா தேதோ பைஸா
பைஸா ஜாலா கோட்டா
பாவூஸ் ஆலா மோட்டா

மழையே வா, உனக்கு பைசா தரேன், பைசா செல்லாததா போச்சு, மழை பெருசா வந்துடுச்சு. மழைக்கே லஞ்சம் குடுக்குறான், அதுவும் செல்லாக்காசு, ஆனாலும் மழை கொட்டுது. ஜோக் அவ்ளோதான். அடுத்த நாலு வரில பையன் சாரலக் கூப்பிட்டு என் பானைய ரொப்புங்குறான், அது ஓடி வந்து பானையவே அடிச்சிட்டுப் போயிடுது.

முதல்ல நான் செஞ்சது அர்த்தத்த அப்படியே எழுதுனது. "வா மழையே வா, உனக்குப் பணம் தருவேன், பணம் கள்ளப் பணமானது, பெருமழை வந்தது". எங்க சார் படிச்சிட்டு மேஜைல தாளம் போட்டுப் பாத்தாரு, ரெண்டாவது வரிலயே கை நின்னுடுச்சு. "இதுக்கு எந்தப் புள்ளம்மா கை தட்டும்"னாரு.

அப்புறம்தான் ஒரிஜினல எண்ண ஆரம்பிச்சேன், இதப் பண்ணாம பேனாவத் தொடாதீங்க. வாய்விட்டு சொல்லி கை தட்டுனா ஒரு வரிக்கு நாலு தட்டு: யேரே / யேரே / பாவ் / ஸா. முதல் ரெண்டு தட்டுக்கு ரெண்டு ரெண்டு அசை, கடைசி ரெண்டு தட்டுக்கு ஒவ்வொண்ணு, மொத்தம் ஆறு. துலா / தேதோ / பை / ஸா வும் அதேதான். எழுத்துல பாத்தா பாவ்ஸால நடுவுல ஒரு அகரம் இருக்கும் ஆனா பேச்சுல அது விழுந்துடும், அதனால காதுலதான் எண்ணணும், எழுத்த எண்ணுனா தப்பாயிடும்.

தமிழ்ல ஆறு எழுத்து எண்ணுனா சரிப்படாது. நம்மகிட்ட நேர், நிரைன்னு அளவு இருக்கே, ஸ்கூல்ல அலகிடச் சொல்லி உயிர எடுத்தது, அது இங்கதான் உதவுச்சு. மழை ரெண்டு எழுத்து, ஆனா நிரையசை, ஒரே அசையாப் போயிடும். அதனால மழையே-ங்குறது மழை / யே, சரியா ரெண்டு அசை. தேமா, புளிமா ரெண்டும் இந்தத் தாளத்துல உக்காரும், மூணு அசை சீர் வந்தா அங்க இடிக்கும். முதல் டிராஃப்ட்ல சாரோட கை நின்ன இடம் "தருவேன்". அதோட சேத்தும் வரில அஞ்சு அசைதான், ஆறாவது இல்லாம தொங்கிட்டு இருந்துச்சு.

அடுத்த பிரச்சனை ரே. மராத்தில பாவூஸ் ஆண்பால், அதனால ரே. ரெண்டாவது பாதில வர்ற 'சரி'ங்குற சாரல் பெண்பால், அதனால யே க யே க. அப்படியே நம்ம டா, டி தான். "வாடா வாடா"ன்னு எழுதி அக்கா பொண்ணுக்கு சொல்லிக்குடுத்தேன், அஞ்சு வயசு, பாட்டி முன்னாடி மழையப் பாத்து டா போட்டு கத்துனா, அக்கா என்னைத் திட்டுனா. அப்பதான் வாப்பா, வாம்மா தோணுச்சு. அதே ரெண்டு அசை, அதே ஆண் பெண், மரியாதையும் கெடல.

எதுகை எங்க வைக்கிறதுங்குறதுதான் ரொம்ப இழுத்துச்சு. மராத்திப் பாட்டு வரிக் கடைசில மட்டும் ஒலிக்குது, கோட்டா மோட்டா. நம்ம காது வரியோட ஆரம்பத்துலயும் எதிர்பாக்கும், நிலா நிலா ஓடி வா-ல நிலா, நில்லாமல்னு தொடங்கி எல்லா வரியும் வா-ல முடியுதுல்ல, அந்த மாதிரி. காசுன்னு வச்சிட்டு ஒரு வாரம் சுத்துனேன், ஒண்ணும் ஒட்டல. துட்டுன்னு மாத்துன அன்னிக்கு கொட்டு தானா வந்து நின்னுச்சு. ரெண்டு மூணு தடவ மாத்தி இதுல முடிஞ்சுது:

வாப்பா வாப்பா கொட்டு
மழையே இந்தா துட்டு
துட்டு செல்லா தாச்சு
கொட்டோ கொட்டுன் னாச்சு

ரெண்டாவது வரி முடியுற சொல்லுலயே மூணாவது தொடங்குது, பைஸா பைஸான்னு ஒரிஜினல்லயும் அப்படித்தான், அந்தாதி மாதிரி. இத விட்டா ஜோக்கோட டைமிங் போயிடும். பேச்சுல நாம செல்லாமப் போச்சுன்னுதான் சொல்லுவோம், ஆனா அதுல ஒரு அசை கூடுது, அதனாலதான் செல்லாதாச்சு. இந்த வரியக் கேட்டு பெரியவங்க எல்லாம் சிரிச்சாங்க, 2016 நவம்பர் ஞாபகம் போல. கடைசி வரி முதல்ல "கொட்டித் தீர்த்துப் போச்சு"ன்னு இருந்துச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி, அக்கா பொண்ணு "மழ போயிடுச்சா சித்தி"ன்னு கேட்டா. தூக்கிட்டேன்.

ரெண்டாவது பாதில "மாஜே மட்கே பரி"ங்குறது என் பானைய ரொப்பு. சரிக்கு தூறல்னு போட்டா பானைய அடிச்சிட்டுப் போற பலம் அதுக்கு இல்ல. மாரின்னா மழையும் ஆச்சு, பொண்ணு பேரும் ஆச்சு:

வாம்மா வாம்மா மாரி
பானை ரொப்பு வாரி
மாரி வந்தா ஓடி
பானை போச்சு ஆடி

இங்க ஒரு அதிர்ஷ்டம். மராத்தில "சர் ஆலீ தாவூன், மட்கே கேலே வாஹூன்"னு முடியும். அந்த ஊன் விகுதி நம்ம வினையெச்சம் மாதிரியே வேலை செய்யுது, தாவூன்னா ஓடி. அவங்களும் வினைமுற்றுக்கு அப்புறம் எச்சத்த தள்ளி வச்சுதான் ஒலிய முடிக்கிறாங்க, நாமளும் வந்தா ஓடி, போச்சு ஆடின்னு வச்சா போதும். ஆலீ பெண்பால், கேலே அஃறிணை மாதிரி, வந்தா, போச்சு கூட சரியா ஜோடி சேருது. சர் ஆலீ வரில மட்டும் ஒரிஜினல்ல அஞ்சு அசைதான், சர்ர்ர்னு இழுத்து சமாளிப்பாங்க, நான் மாரின்னு நிரப்பிட்டேன்.

சடசட, சோன்னு சேக்கலாமேன்னு கிளாஸ்ல எல்லாரும் சொன்னாங்க. சேக்கல. ஒரிஜினல்ல மழைச் சத்தமே கிடையாது, கூப்பிடுற சத்தம்தான் அதோட விளையாட்டு.

வைவால வெளிய இருந்து வந்த மேடம் கேட்டது ஒண்ணுதான், இதுல எது தொலைஞ்சுதுன்னு. இத முன்னாடியே குறிப்புல எழுதி வச்சுக்கோங்க, கண்டிப்பா கேப்பாங்க. நான் ரெண்டு சொன்னேன். மோட்டாங்குற "பெருசு" போச்சு, கொட்டோ கொட்டுல அத மறைச்சிருக்கேன். இன்னொண்ணு, பைஸா, கோட்டா எல்லாம் நெடில்ல முடியுது, பசங்க ஆஆன்னு கத்தலாம். என்னோடது கொட்டு, துட்டு, குற்றியலுகரம், இழுக்க இடமே இல்ல. மேடம் "அப்ப பசங்க என்ன பண்றாங்க"ன்னாங்க. துட்டூஊஊன்னு இழுத்து கத்துறாங்க மேடம்னு பாடியே காட்டிட்டேன்.