தண்ணி வத்துச்சுன்னா அணை ஓட்டைன்னு அர்த்தமில்லைன்னு புரிய வைக்க நான் பட்ட பாடு

தருமபுரி பக்கம் ஒரு ஊர்ல சின்னதா ஒரு தடுப்பணை, நாலடி உயரம்தான். கட்டறதுக்கு ஆன நேரத்தை விட ஊர் கமிட்டிக்கு விளக்கறதுக்கு ஆன நேரம்தான் அதிகம். இன்னும் கொஞ்சம் எரிச்சல் மிச்சம் இருக்கு, அதனால இதே வேலையா போறவங்களுக்கு உதவட்டும்னு எழுதறேன்.

முதல் கூட்டம் சுத்த வேஸ்ட், தப்பு என்னோடதுதான். பள்ளிக்கூடத் திண்ணைல டிராயிங்கை விரிச்சு அஸ்திவாரம், ஏப்ரன், பக்கச்சுவர்னு அரை மணி நேரம் பேசினேன். எல்லாரும் தலையாட்டினாங்க. கடைசில ஒரு பெரியவர், "ஏன் சார், சித்திரை வரைக்கும் தண்ணி நிக்குமா, மாடு குளிப்பாட்டலாமா"ன்னு கேட்டார். அப்பதான் உறைச்சது, இவங்க மனசுல இருக்கறது குட்டி ஏரி. நான் கட்டப்போறது தண்ணியை நிறுத்தி வைக்க இல்ல, ஓடற வேகத்தை மடக்கி மண்ணுக்குள்ள இறக்க. இதை முதல்லயே சொல்லாம டிராயிங்கை விரிச்சா பின்னாடி அத்தனை சண்டையும் நம்ம தலைலதான்.

ரெண்டாவது தடவை கூட்டமே வேண்டாம், ஓடைல இறங்கி நடப்போம்னு சொல்லிட்டேன். தலைவர் கோயில் பக்கத்து வளைவுல கட்டணும்னு பிடிவாதமா இருந்தார், லாரி வர ரோடு இருக்கு, அடில பாறை இருக்கு, ஸ்ட்ராங்கா நிக்கும்னு. எதிர்த்துப் பேசாம வளைவோட வெளிக்கரையைக் காட்டினேன், மண்ணு செங்குத்தா அறுந்து புங்கமரத்து வேர் வெளிய தொங்குது, எதிர்க்கரைல மணல் குவிஞ்சு கிடக்கு. "தலைவரே, இப்பவே வெள்ளம் இந்தப் பக்கத்தைத் தின்னுட்டு இருக்கு, இங்க சுவர் வெச்சா சுவர் நிக்கும், கரை அறுத்துக்கிட்டு தண்ணி சைடுல போயிடும்." அப்புறம் அந்தப் பாறை ஒரு வெடிப்புகூட இல்லாத ஒரே பலகை. அதுமேல தண்ணி நின்னா வெயில்தான் குடிக்கும், கிணத்துக்கு ஒரு சொட்டு போகாது. அஸ்திவாரத்துக்கு நல்லது, ஊறலுக்கு ஆகாது.

எடம் கிடைச்சது அங்கிருந்து ஒரு இருநூறு மீட்டர் கீழ. ஓடை நேரா போகுது, அகலம் எட்டு மீட்டர்தான், ரெண்டு கரையும் கெட்டியா பத்தடி உயரம், கீழ்ப்பக்கம் அஞ்சு கிணறு. கடப்பாரை போட்டுப் பார்த்தோம், ரெண்டடி மணல், அதுக்கு கீழ சரளை, அப்புறம் குத்தினா உதிர்ற பாறை. எனக்கு வேண்டியது அதேதான். மேஸ்திரியோட டியூப் லெவலை வாங்கி சரிவு பார்த்தோம், இருபது மீட்டருக்கு இருபது சென்டிமீட்டர் இறக்கம், அதாவது நூத்துக்கு ஒண்ணு. நாலடி சுவருக்கு, மீட்டர் கணக்குல 1.2, தண்ணி மேல 120 மீட்டர் தூரம் ஏறி நிக்கும். அகலம் எட்டு, நீளம் 120, ஆழம் ஒரு முனைல 1.2 மறுமுனைல பூஜ்யம், அதனால பாதி. பெருக்கிப் பார்த்தா 576 கன மீட்டர், கரை சாய்வைக் கழிச்சா நாலரை லட்சம் லிட்டர் வரும்னு வெச்சுக்கலாம். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரில கிட்டத்தட்ட 37 லோடு, அதுவும் ஒரு தடவை நெரம்பினா, வருஷத்துல மூணு நாலு தடவை நெரம்பும்னு சொன்னதும்தான் கூட வந்தவங்க மூஞ்சி மாறுச்சு. இதே சுவரை முப்பதுக்கு ஒண்ணு சரிவுல கட்டினா தண்ணி 36 மீட்டர்தான் ஏறும், செலவு அதே செலவு.

வெள்ளம் எவ்வளவு வரும்னு நான் கணக்கு போட்டுட்டு இருந்தப்ப அதே பெரியவர் ஒரு வேலமரக் கிளைய காட்டினார், சருகும் பழைய துணியும் சிக்கிக் காஞ்சு கிடக்கு. "அவ்வளவு வந்துச்சு சார், நாலு வருஷம் முன்னாடி." என் கணக்கை விட அது நம்பகமானது. பக்கச்சுவர் உயரத்தை அதை வெச்சுதான் முடிவு பண்ணினேன். கரைக்குள்ள பக்கச்சுவரை ரெண்டடி வெட்டினா போதும்னு மேஸ்திரி சொன்னார், கெட்டி மண்ணு வர்ற வரைக்கும், நாலடிக்குக் குறையாமன்னு நின்னேன். தடுப்பணை பெரும்பாலும் நடுவுல உடையறதில்ல, ஓரத்துலதான் பிச்சுக்கும்.

அப்புறம் பேப்பர். ஓடை புறம்போக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா புலப்படம் இல்லாம ஃபைல் நகராது. தாலுகா ஆபீஸ்ல முதல் நாள் ஆள் லீவு, ரெண்டாவது நாள் சர்வே நம்பர்ல உட்பிரிவு இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, மூணாவது நாள் அதே ஆள் அதே பேப்பரை வாங்கிக்கிட்டார்! போறதுக்கு முன்னாடி விஏஓ கிட்ட உட்பிரிவோட எழுதி வாங்கிட்டுப் போங்க, எனக்கு ரெண்டு பஸ் பயணம் போச்சு. கீழ் ஏரி பாசனக்காரங்களும் வந்து நியாயமா ஒரு கேள்வி கேட்டாங்க, எங்க தண்ணியை நீங்க பிடிச்சுக்கறீங்களேன்னு. மழை கம்மியான வருஷத்துல முதல் வெள்ளம் தாமதமாத்தான் வரும்னு மறைக்காம சொல்லிட்டேன், மேல இனி இன்னொரு அணை கட்டறதில்லைன்னு எழுதிக் கொடுத்ததும் போனாங்க.

கட்டுமானம் நல்லபடியா முடிஞ்சுது. ஐப்பசில நெரம்பி வழிஞ்சுது, ஊரே போட்டோ எடுத்துச்சு. இருபதாவது நாள் ராத்திரி பத்து மணிக்கு ஃபோன், "சார், அணை ஓட்டை, தண்ணி மொத்தமும் போச்சு."

காலைல ஓடினேன். நல்லவேளை கட்டும்போதே சுவர்ல அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பெயின்ட்ல போட்டு, ஒரு பையனை தினமும் நோட்டுல எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு நாளைக்கு ஆறு சென்டிமீட்டர் இறங்கியிருக்கு. வெயில்ல ஆவியா போறது அரை சென்டிமீட்டர்னு வைங்க. மீதி எங்க போச்சு? ஓட்டைன்னா சுவரோட காலடில, இல்ல பக்கச்சுவர் ஓரத்துல ஊத்து மாதிரி கொப்பளிச்சிருக்கணும், அதுவும் மண் கலங்கி வந்தா ஆபத்து, அடில மண்ணை அரிக்குதுன்னு அர்த்தம். நான் பார்த்தப்ப அங்க லேசா ஈரம், தெளிஞ்ச கசிவு, அவ்வளவுதான். கமிட்டியை கூட்டிட்டு கீழ இருந்த முதல் கிணத்துக்குப் போனேன். அந்த வீட்டக்கா கயித்துல முடிச்சு போட்டு வெச்சிருந்தாங்க, அணை நெரம்பறதுக்கு முன்னாடி ஒரு முடிச்சு, இப்ப ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல ஏழடி. தலைவர் கயித்தை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தார், ஒண்ணும் பேசல.

பராமரிப்புக்கும் அந்த நோட்டுதான். ஆறு சென்டிமீட்டர் இறங்கினது ரெண்டாவது வருஷம் மூணுக்கு வந்துச்சு, தண்ணி ரொம்ப நாள் நிக்குதுன்னு ஊர்ல சந்தோஷம், எனக்குத்தான் வயித்துல புளி. மேல நைசா வண்டல் படிஞ்சு அடைச்சுருச்சு. சித்திரை வைகாசில காஞ்சதும் அந்தத் தோலை மட்டும் சுரண்டி நிலத்துக்கு அள்ளிக்கங்கன்னு சொல்லிட்டு வந்தா, ஒருத்தர் ஜேசிபி விட்டு சுவரோட காலடியையே தோண்டிட்டார், அஸ்திவாரம் வெளிய தெரியுது. சுவர்லேருந்து பத்தடி விட்டுத்தான் தோண்டணும்னு நான் சொன்ன அன்னைக்கு அவர் கூட்டத்துக்கே வரலையாம். இப்ப சரளையும் கல்லும் போட்டு கெட்டிச்சுட்டு இருக்கோம், இந்தத் தடவை அந்தப் பத்தடிக்கும் சுவர் ஓரமா பெயின்ட்ல ஒரு கோடு.