சம்ப்பில் ஒரு நாளைக்கு இரண்டு குடம் எங்கே போனது?

மன்னார்குடி பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் காங்கிரீட் சம்ப் கட்டினோம். நீளம் 3 மீட்டர், அகலம் இரண்டரை, தண்ணீர் ஒன்றரை மீட்டர் உயரம் நிற்கும். நான் பார்ப்பதற்குள் சுற்றிலும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். வெளிச்சுவர் தெரிந்திருந்தால் ஈரம் எங்கே என்று கண்ணாலேயே பார்த்திருக்கலாம். இனி நீர்மட்டத்தை அளப்பதுதான் வழி.

மே மாதமே சோதித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் எங்கள் ஊரில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். வெளியே இருக்கும் தண்ணீர் சுவரை எதிர்த்து அழுத்தும்போது ஓட்டைத் தொட்டியிலும் மட்டம் இறங்காது.

நிரப்பிய முதல் நாள் 18 மில்லிமீட்டர் இறங்கியது. எனக்குப் பகீரென்றது. "புது காங்கிரீட் தண்ணி குடிக்கும் தம்பி, ஒரு வாரம் போகட்டும்" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னது சரி. 7 நாள் ஊறவிட்டு மறுபடி நிரப்பிய பிறகுதான் கணக்கு ஆரம்பித்தேன்.

சுவரில் ஓர் ஆணி அடித்து, அதிலிருந்து தண்ணீர் வரை ஸ்டீல் ஸ்கேலால் தினமும் காலை 6 மணிக்கு அளந்தேன். காற்றடித்து அலை எழுந்தால் ஒரு மில்லிமீட்டர் தப்பிவிடும். அதனால் ஒருநாள் அளவை நம்பாமல் 7 நாள் மொத்தத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். திறந்த தொட்டி, வெயில் வேறு. ஆவியாவதைத் தனியாகப் பிரிக்க, அதே தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி, அடியில் கல் போட்டு, தொட்டிக்குள்ளேயே விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி கயிற்றில் தொங்கவிட்டேன். வாளியைத் தரையில் வைத்தால் வெயிலில் சூடாகி அதிகமாக வற்றும், கணக்கு பொய்யாகிவிடும்.

ஒரு வாரத்தில் தொட்டி 63, வாளி 35. வித்தியாசம் 28 மில்லிமீட்டர். இந்தத் தொட்டியில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஏழரை லிட்டர். அதாவது தினமும் 30 லிட்டர், இரண்டு குடம் மண்ணுக்குள் போகிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க, தண்ணீரை 40 சென்டிமீட்டர் இறைத்துவிட்டு, வாளியையும் இறக்கி மூன்று நாள் அளந்தேன். இரண்டும் ஒரே மாதிரி, தினம் 5 மில்லிமீட்டர். அப்படியென்றால் அடித்தளத்தில் குறையில்லை, இறைத்த அந்த 40 சென்டிமீட்டருக்குள்தான் ஓட்டை. அந்த உயரத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, சுவரைத் துளைத்து வரும் பிவிசி குழாய்.

வெளியே அந்த இடத்தைத் தோண்டினோம். சுற்றிலும் களிமண் வெடித்துக் காய்ந்திருக்க, குழாயின் அடியில் மட்டும் கையில் ஒட்டும் சேறு. வழவழப்பான பிவிசியைக் காங்கிரீட் பிடித்துக்கொள்ளாது. குழாயைச் சுற்றி நூல் போல ஓர் இடைவெளி விட்டிருந்தது. அங்கே சுவரை வெட்டியெடுத்து, சுருங்காத கிரவுட் கலவையை அடைத்து, ஈரச்சாக்கு போட்டு வைத்தோம்.

மறுபடி நிரப்பி 7 நாள் அளந்தேன். வாளி 36, தொட்டி 37. அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் மண் மூடவிட்டேன்.