தலையில் படர்தாமரை: களிம்பு போதாது, மாத்திரை ஏன்?

ஏழு வயதுப் பையன், எடை 22 கிலோ. பின்தலையில் இரண்டு இடத்தில் முடி கொட்டியிருந்தது. ஒன்றின் மேல் எலுமிச்சை அளவு வீக்கம். முதலில் புழுவெட்டு என்று சின்ன வெங்காயம் தேய்த்தார்கள், பிறகு மருந்துக்கடைக் களிம்பு, கடைசியில் சீழ்க்கட்டி என்று ஆன்டிபயாடிக். தோல் சிகிச்சைப் பிரிவில் நாங்கள் பார்க்கும் பிள்ளைகள் பலர் இப்படிச் சுற்றித்தான் வருகிறார்கள்.

புழுவெட்டில் தோல் வழவழவென்று இருக்கும். இவனுக்கோ செதில் உதிர்ந்தது. முடி தோலோடு ஒடிந்து கரும்புள்ளிகளாக நின்றது. வீக்கத்தைத் தொட்டால் மெத்தென்று அமுங்கி, பல துளைகளில் சீழ் கசிந்தது. அங்கிருந்த முடி இழுத்ததும் வலியில்லாமல் கையோடு வந்தது. கழுத்தின் பின்னால் நெறி கட்டியிருந்தது. ஒடிந்த முடிகளையும் செதிலையும் எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது முடிக்குள்ளேயே பூஞ்சை வித்துகள் தெரிந்தன. படர்தாமரைதான்.

மாத்திரை தேவைப்படுவது இதனால்தான். பூஞ்சை முடியின் வேர்க்குழிக்குள் இறங்கி, முடித்தண்டுக்குள் குடியிருக்கிறது. களிம்பு மேல்தோலோடு நின்றுவிடும். மாத்திரை ரத்தம் வழியாக வேருக்குப் போகிறது. புதிதாக வளரும் முடி மருந்தோடு வளர்வதால் பூஞ்சை அதில் பிடிக்காது. பழைய முடி கழிந்து வெளியேற வாரக்கணக்கில் ஆகும் என்பதால் மருந்தும் வாரக்கணக்கில் வேண்டும்.

அந்த வீக்கம் பூஞ்சைக்கு எதிராக உடம்பு காட்டும் கடுமையான எதிர்ப்பு. கத்தி வைக்க வேண்டாம். கூடவே பாக்டீரியாவும் சேர்ந்திருந்தால் மட்டுமே ஆன்டிபயாடிக். ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூசினால் சிவப்பு மட்டும் அடங்கி, பூஞ்சை உள்ளே பரவும்.

22 கிலோவுக்கு டெர்பினாஃபின் 125 மி.கி., அதாவது 250 மாத்திரையில் பாதி, தினம் ஒரு வேளை, நான்கு வாரம். 20 கிலோவுக்குக் கீழே அதிலும் பாதி, 62.5 மி.கி. 40-க்கு மேல் முழு மாத்திரை. முன்பு மஞ்சள் காமாலை வந்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். பூனை, நாயிடமிருந்து தொற்றும் வகை என்றால் கிரிசியோஃபுல்வின் பொருத்தம்: கிலோவுக்குச் சுமார் 20 மி.கி., ஆறு முதல் எட்டு வாரம். பால், முட்டை போன்ற கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் அது உடம்பில் நன்றாகச் சேரும். எது, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

கூடவே கீட்டோகோனசோல் ஷாம்பு வாரம் இரண்டு முறை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசவேண்டும். அது நோயைத் தீர்க்காது. வித்துகள் அடுத்த பிள்ளைக்குப் பரவுவதைக் குறைக்கும். சீப்பு, தொப்பி, தலையணை உறை தனித்தனி. கூடப் பிறந்தவர்களின் தலையையும் பாருங்கள். மருந்து தொடங்கியதும் பள்ளிக்கு அனுப்பலாம், மொட்டையும் தேவையில்லை.

சிகிச்சை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். வீக்கம் வற்றியதும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள், பூஞ்சை திரும்பிவிடுகிறது. இன்னொன்று, தொடங்கிய சில நாளில் காது ஓரத்திலும் உடம்பிலும் அரிக்கும் சிறு பொரிகள் கிளம்பலாம். மருந்து ஒவ்வாமை என்று பயந்து நிறுத்துவார்கள். பெரும்பாலும் அதுவும் பூஞ்சைக்கு உடம்பு காட்டும் எதிர்ப்புதான்; நிறுத்துமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

முடி திரும்ப வளரச் சில மாதம் ஆகும். தாமதமாகி வேர்க்குழி தழும்பாகிவிட்டால் அந்த இடத்தில் முளைக்காது.