பேச்சுக்கு முந்தின இரவு அறிமுகக் குறிப்பைத் திருத்தி எழுதிய அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடிநீர்க் குழாய்களோடு வேலை பார்க்கும் பொறியாளர் நான். நெல்லைப் பக்கம் படித்துவிட்டு வேலைக்காக இங்கே வந்தேன், கல்யாணமும் இங்கேயே ஆனது. போன மாதம், நகராட்சிப் பொறியாளர்களும் கவுன்சிலர்களும் நிதி அதிகாரிகளும் கூடும் ஒரு கூட்டத்தில் பேச 20 நிமிடம் கொடுத்தார்கள். இரவில் குழாய் அழுத்தத்தைக் குறைத்து கசிவைக் கட்டுப்படுத்துவதுதான் தலைப்பு. அதற்கான வால்வுகளுக்குப் பணம் ஒதுக்கலாமா என்று முடிவு செய்கிறவர்கள் முன்வரிசையில் உட்காருவார்கள்.

ஸ்லைடெல்லாம் முடித்து வைத்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் அமைப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தலைவர் மேடையில் வாசிக்கப்போகும் அறிமுகம் இதுதான், திருத்தம் இருந்தால் காலை 7 மணிக்குள் அனுப்புங்கள் என்று. நிகழ்ச்சிக் கையேடு ஏற்கெனவே அச்சாகிவிட்டது. தலைவர் கையில் இருக்கும் தாளை மட்டும்தான் இனி மாற்ற முடியும்.

அந்தக் குறிப்பு எங்கள் நிறுவனத்திலிருந்து போனது, டெண்டருக்காகத் தயாரித்தது. இங்கே டெண்டரில் விலை பார்ப்பதற்கு முன் பல நேரம் தகுதிக்கு மதிப்பெண் போடுவார்கள். முக்கியப் பணியாளருக்கு எத்தனை ஆண்டு அனுபவம், எத்தனை கோடி ராண்ட் திட்டம், என்ன பொறுப்பு என்று பார்த்துப் புள்ளி கொடுப்பார்கள். அதனால் அந்தக் குறிப்பில் ஆண்டுகளும் தொகைகளும் திட்டப் பெயர்களுமாக அடுக்கியிருந்தது. மதிப்பெண் போடுகிறவருக்கு அது வேண்டும். மண்டபத்தில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

முதலில் நீளத்தைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 220 சொற்கள். மேடையில் நிதானமாக வாசிப்பவர் நிமிடத்துக்கு 130 சொல் போவார் என்று வைத்தால், ஒன்றரை நிமிடத்துக்கு மேல் என் புராணம் ஓடும். 80 சொல்லுக்குள் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன்.

அப்புறம் கணவரைக் கூப்பிட்டு, தலைவர் மாதிரி எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மூச்சு வாங்கிய இடம், நாக்கு தடுக்கிய இடம், ஒரு வரியைத் திரும்பப் படித்த இடம் என்று கோடு போட்டேன். இதை யாரும் செய்து பார்க்கலாம். நாமே வாசித்தால் தெரியாது, எழுதிய கை எங்கே நிறுத்துவது என்று தெரிந்து நிறுத்திவிடும். திட்டப் பெயர்கள் வந்த வாக்கியத்தில் அவர் மூன்று இடத்தில் தடுமாறினார். அந்த வாக்கியம் முழுவதையும் அடித்துவிட்டேன். என் பெயரிலேயே ஒரு ழகரம் இருக்கிறது, அதனால் பெயரை அசை அசையாகப் பிரித்து, அழுத்திச் சொல்ல வேண்டிய அசையைப் பெரிய எழுத்தில் மேலே எழுதினேன். தலைவர் முதல் வரியிலேயே திணறினால் அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

அத்தை சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டில் பிறந்து வளர்ந்தவர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அங்கிருந்த சுத்திகரிப்பு நிலையம் சேதமானபோது, மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றவர். "எல்லாம் சரிம்மா, நீ ராத்திரி எதுக்கு வெளியே போறேன்னு இதுல இல்லையே" என்றார்.

அதுதான் என் வேலை. ஊர் தூங்கும் நேரத்தில் அநேகமாக யாரும் குழாயைத் திறப்பதில்லை. ஓட்டம் குறைந்தால் குழாயில் உராய்வு இழப்பும் குறையும், அழுத்தம் ஏறும். டர்பன் மேடும் பள்ளமுமான ஊர், பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு அது இன்னும் அதிகம். அழுத்தம் ஏறினால் ஒவ்வொரு விரிசலிலும் அதிகத் தண்ணீர் போகும். அதனால் அதிகாலை 2 மணியிலிருந்து 4 மணி வரை ஒரு பகுதிக்குள் எவ்வளவு தண்ணீர் நுழைகிறது என்று அளப்போம். அந்த நேரத்தில் நுழைவதில் பெரும்பகுதி கசிவுதான்.

இனி, குறிப்பில் இருந்த மிகப் பெரிய வாக்கியம்: "இவர் நகரின் தண்ணீர் இழப்பை 30 சதவீதம் குறைத்தவர்." இதற்குத்தான் அன்றிரவு அதிக நேரம் செலவானது. அந்த 30 எங்கிருந்து வந்தது என்று பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு குடியிருப்புப் பகுதி. அங்கே இரவு அழுத்தத்தை 7.5 பாரிலிருந்து 5 பாருக்கு இறக்கியிருந்தோம். இரவுக் குறைந்தபட்ச ஓட்டம் மணிக்கு 40 கிலோலிட்டரிலிருந்து 28க்கு வந்தது. இந்த 40ல் சுமார் 5 கிலோலிட்டர், கழிவறை அது இதென்று மக்கள் உண்மையிலேயே பயன்படுத்துவது. மீதி 35 கசிவு. அழுத்தம் மூன்றில் இரண்டு பங்கானதும் கசிவும் ஏறக்குறைய அதே அளவில், 23க்குக் குறைந்திருக்கிறது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரு பகுதியின் கணக்கு, அதுவும் இரவு நேரத்துக்கு மட்டும். பகலில் அழுத்தத்தை அவ்வளவு இறக்க முடியாது, மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது. நகரம் முழுவதற்கும் 30 என்று தலைவர் வாசித்தால், முன்வரிசைப் பொறியாளர் நான் வாய் திறக்கும் முன்பே சந்தேகத்தோடு உட்கார்ந்திருப்பார். அதன் பிறகு 20 நிமிடமும் அந்தச் சந்தேகத்தோடுதான் நான் பேச வேண்டியிருக்கும்.

சதவீதத்தை எடுத்துவிட்டு எண்ணை வைத்தேன். பகுதியின் பெயரைப் போடவில்லை, அந்த அளவீடு நகராட்சிக்குச் சொந்தம், ராத்திரி பத்து மணிக்கு யாரிடம் அனுமதி கேட்பது? "குறைத்தவர்" என்பதையும் மாற்றினேன். வால்வு அறைக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் நகராட்சியின் குழாய்ப் பணியாளர்கள், அவர்களில் சிலர் அந்த மண்டபத்துக்கு வருவார்கள். "முன்னணி நிபுணர்" என்பதை யோசிக்காமல் வெட்டினேன். தொழில்முறைப் பொறியாளர் என்ற பதிவுப் பட்டத்தை மட்டும் விடவில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியியல் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் அதைப் போட்டுக்கொள்ளலாம், பணம் ஒதுக்குகிறவர் பார்க்க வேண்டிய தகுதியும் அதுதான்.

கடைசியில் அனுப்பிய குறிப்பு தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இன்று பேசுபவர் டர்பனில் பணிபுரியும் பதிவுபெற்ற தொழில்முறைப் பொறியாளர். ஊர் தூங்கும் நேரத்தில் குழாய் அழுத்தத்தை அளந்து, கசிவு குறையும் அளவுக்கு இறக்குவது இவர் வேலை. நகராட்சிப் பணியாளர்களோடு சேர்ந்து ஒரு குடியிருப்பில் இரவு ஓட்டத்தை மணிக்கு 40 கிலோலிட்டரிலிருந்து 28க்குக் கொண்டுவந்தார். அதற்கு என்ன செலவானது, எங்கே இது பலிக்காது என்று இன்று சொல்வார்."

கடைசி வரி, பேச்சு எதைப் பற்றி என்று அவையைத் தயார்ப்படுத்த. மின்னஞ்சலின் உள்ளேயே ஒட்டி, எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு வரி இடைவெளி விட்டு அனுப்பினேன். இணைப்பாகப் போனால் அவசரத்தில் பழையதையே அச்செடுத்துவிடுவார்கள்.

மறுநாள் தலைவர் தடங்கலில்லாமல் வாசித்தார். பேச்சு முடிந்ததும் முதல் கேள்வி பின்வரிசையில் இருந்த ஒரு குழாய்ப் பணியாளரிடமிருந்து வந்தது. "அந்த 28 இன்னும் 28தானா?" இல்லை, ஒரு முறை 34 வரை ஏறியது என்றேன். வால்வைக் கட்டுப்படுத்தும் சிறு குழாயின் சல்லடையில் மண் அடைத்து, வால்வு வேண்டிய அளவு மூடாமல் இருந்தது. வால்வைத் தாண்டிய குழாயில் இரவு அழுத்தம் நாளுக்கு நாள் மெதுவாக ஏறினால் முதலில் அந்தச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். சுத்தம் செய்யும் வேலைக்கும் பட்ஜெட்டில் தனியாக ஒரு வரி வேண்டும் என்று முன்வரிசையைப் பார்த்துச் சொன்னேன். நிதி அதிகாரி குறித்துக்கொண்டார்.