ஃப்ரோசன் ஷோல்டர்: முதல் கட்டத்தில் யாரையும் கையை இழுக்க விடாதீர்கள்

தோள் மூட்டு இறுகி, வலியோடு கை நகராமல் போவதுதான் ஃப்ரோசன் ஷோல்டர். அது என்று தெரிந்த மறுநிமிஷமே ஆளாளுக்கு ஒரே புத்தி சொல்வார்கள்: "கையை நல்லா ஆட்டு, இல்லன்னா அப்படியே பூட்டிக்கும்." மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஃபிசியோ கிளினிக்கிலும் இதையேதான் சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார்கள். என்னைப் படுக்கவைத்து, ஒருவர் தோள்பட்டையை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இடது கையைத் தலைக்கு மேலே தள்ளினார். நான் கத்தியதற்கு, "வலிச்சாத்தான் மேடம் திறக்கும்" என்று ஹிந்தியில் சமாதானம் வேறு.

திறக்கவில்லை. அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே கழிந்தது. அடுத்த தடவை போய்ச் சொன்னால், "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்" என்று மறுபடி தள்ளினார்கள். நவராத்திரிக்கு முன்பு காது உயரத்துக்காவது போன கை, கொலுப்படி அடுக்கும் சமயத்தில் நெஞ்சு உயரத்திலேயே நின்றுவிட்டது. மொத்த சிட்டிங்குக்கும் முன்பணம் வாங்கியிருந்தார்கள். நிறுத்திக்கொள்கிறேன் என்றதும், பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். நிறைய மல்லுக்கட்டியபின் மீதியை மாமியாரின் முழங்காலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். எந்த கிளினிக்கிலும் பேக்கேஜ் எடுக்காதீர்கள், அன்றன்றைக்குக் கொடுங்கள்.

நடுவில் ஒரு எம்ஆர்ஐ. ரிப்போர்ட்டில் தசைநாரில் பகுதிக் கிழிசல் என்று இருந்தது. அதைப் பார்த்த ஒருவர் ஆபரேஷன் வரைக்கும் பேசிவிட்டார். அலுவலகத் தோழி சொல்லி மாதுங்காவில் வேறொரு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் ஸ்கேன் கவரைத் திறக்கவே இல்லை. நிற்கவைத்து, இரண்டு முழங்கைகளையும் இடுப்போடு ஒட்டி மடக்கச் சொன்னார். பிறகு என் முன்கைகளைக் கதவு திறப்பதுபோல் வெளிப்பக்கமாகத் திருப்பினார். வலது கை சுலபமாகப் போனது. இடது கை நேராக முன்னால் நீட்டிய நிலையிலிருந்து நகரவே இல்லை.

"கிழிசலா இருந்தா, நீங்களா தூக்க முடியாட்டியும் நான் தூக்கினா வரும்மா. இது நான் தூக்கினாலும் வரல்லே. மூட்டே பூட்டியிருக்கு" என்றார். ஐம்பது வயதுக்கு மேல் சின்னக் கிழிசல் பலருக்கும் ஸ்கேனில் தெரியுமாம், அதற்கும் என் வலிக்கும் சம்பந்தம் இருக்கவேண்டியதில்லையாம். எலும்புத் தேய்மானமோ கால்சியம் படிவோ இல்லை என்று பார்க்க எக்ஸ்ரே மட்டும் போதும் என்றார். கூடவே சுகருக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். இரண்டில் எது இருந்தாலும் இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல். எனக்கு சுகர் பழைய கதை. மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 என்று வந்தது மட்டும் புதுக்கதை.

ஏன் இவ்வளவு இழுத்தடிக்கிறது என்று கேட்டேன். மேஜை மேலிருந்த மூட்டு பொம்மையை எடுத்துக் காட்டினார். தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. ரவிக்கைக்கு அக்குளில் கொஞ்சம் தளர்வு விட்டுத் தைத்தால்தானே கை மேலே போகும்? இந்த உறைக்கும் அடிப்பக்கம் அப்படி ஒரு மடிப்பு உண்டு. முதலில் உறையின் உள்பக்கம் அழற்சியால் வீங்குகிறது. பிறகு அங்கே வடுத் திசுவில் இருக்கும் அதே கொல்லாஜன் என்ற நார்ப் புரதம் சேர்ந்து, உறை தடித்துச் சுருங்குகிறது. அடி மடிப்பு ஒட்டிக்கொள்வதால் கை மேலே போகாது. முன்பக்கத் தசைநார் இறுகுவதால் கை வெளிப்பக்கம் திரும்பாது. அவர் முதலில் செய்த சோதனை அதற்குத்தான். இப்படிப் படிந்த கொல்லாஜனை உடம்பு தானாகக் கரைத்து மறுபடி அடுக்க மாதக்கணக்கில் ஆகும். சுகர் உள்ளவர்களுக்குக் கொல்லாஜன் இழைகள் இன்னும் விறைப்பாகப் பிணைந்துகொள்வதால் அது மேலும் தாமதப்படும்.

வலி மிகும் முதல் கட்டம் இரண்டிலிருந்து ஒன்பது மாதம் வரை. வலி தணிந்து விறைத்துப்போகும் இரண்டாவது கட்டம் நான்கு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை. மெல்லத் தளரும் மூன்றாவது, சிலருக்கு இரண்டு வருஷம்கூட. காலண்டரை வைத்துக் கட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ராத்திரியை வைத்துத்தான் முடியும். சும்மா படுத்திருக்கும்போதே வலி எழுப்பிவிட்டால் முதல் கட்டம். படுக்கையில் நிம்மதி, ஆனால் கை எட்டும் எல்லையில் மட்டும் பிடித்து இழுக்கிறது என்றால் இரண்டாவது.

கிளினிக்காரர்கள் கோட்டைவிட்டது இங்கேதான். அழற்சி எரிந்துகொண்டிருக்கும்போது இழுத்தால் அது இன்னும் கிளறிவிடும். நெதர்லாந்தில் 77 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. வலி எல்லைக்குள் மட்டும் மெதுவாகப் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு இரண்டு வருஷத்தில் தோள் ஏறக்குறைய சரியாகிவிட்டது. வலியைத் தாண்டித் தீவிரமாக இழுக்கப்பட்டவர்களில் அது 63 சதவீதம்தான். டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு அந்த ரசீதுதான் ஞாபகம் வந்தது.

அவர் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார். முதல் கட்டத்தில்தான் அது நன்றாகக் கேட்கும், விறைப்பு முற்றியபின் பலன் குறைவு. ஊசி பெரிதாக வலிக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி சுகர் 290. ஊசி போட்டால் சில நாட்களுக்கு சுகர் ஏறும் என்று யாரும் சொல்லவில்லை. ஃபோனில் கேட்டால் கம்பவுண்டர், "அப்படித்தான் ஆகும்" என்கிறார்! அதை ஊசிக்கு முன்னால் சொன்னால் என்ன? சுகர்காரர்கள் ஊசிக்கு முன்பே மாத்திரை அளவைப் பற்றிக் கேட்டுவிடுங்கள், ஒரு வாரமாவது வீட்டில் சோதித்துக்கொண்டே இருங்கள்.

அடுத்து அவர் அனுப்பிய ஃபிசியோ பெண்மணி, முதல் நாள் என் கையைத் தொடவே இல்லை. தூங்குவது எப்படி என்றுதான் சொல்லிக்கொடுத்தார். மல்லாந்து படுத்தால் மேல்கைக்கும் முழங்கைக்கும் அடியில் தலையணை வேண்டும், கை பின்னால் தொங்கக் கூடாது. ஒருக்களித்தால் நல்ல பக்கம் படுத்து, வலிக்கும் கையை ஒரு தலையணை மேல் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றுக்கே அவருக்குக் கோயில் கட்டலாம். கையைத் தூளியில் கட்டிவைக்கவும் கூடாது என்றார்.

பயிற்சி என்று கொடுத்தது இரண்டே இரண்டு. சமையல் மேடையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, மற்ற கையைத் தொங்கவிட்டு, உடம்பை லேசாக ஆட்ட வேண்டும். கை தானாகச் சின்ன வட்டம் போடும். கையைக் கொண்டு வட்டம் போடக் கூடாது, தோள் தசை வேலை செய்தால் பலனில்லை. ஒரு நிமிஷம் போதும், ஆனால் தினமும் நாலைந்து வேளை. இரண்டாவது, மல்லாந்து படுத்து, நல்ல கையால் மணிக்கட்டைப் பிடித்து, வலி ஆரம்பிக்கும் இடம் வரை மட்டும் தூக்கி இறக்குவது. பயிற்சிக்கு முன் வெந்நீர் ஒத்தடம். செய்து முடித்த வலி கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால் சரி, ராத்திரி வரை நீடித்தால் மறுநாள் பாதியாகக் குறை. இந்த ஒரு விதியை அவர் விடவே இல்லை.

பொங்கல் வாக்கில் ராத்திரி வலி போய்விட்டது. கை மட்டும் மரக்கட்டை. ஹார்பர் லைன் வண்டியில் மேல் கைப்பிடி இன்னும் எட்டாத தூரம்தான், உள்பாடியை முன்னால் கொக்கி போட்டுத் திருப்பித்தான் போட முடிந்தது. இங்கேதான் இழுப்பு தொடங்க வேண்டும். குடைதான் என் கருவி. முழங்கையை உடம்போடு ஒட்டி, நடுவில் சுருட்டிய டவலை வைத்து, குடையின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு, நல்ல கையால் தள்ளி மற்ற முன்கையை வெளியே திருப்ப வேண்டும். இழுப்பு தெரியும் இடத்தில் முப்பது விநாடி அப்படியே பிடித்திருந்து, பிறகு தளர்த்த வேண்டும். சுருக்கென்ற வலி வந்தால் அதிகம், சுகமாக இருந்தால் போதாது. முன்பக்க இறுக்கம் விட்டால்தான் மற்றவை நகரும் என்பதால் இதற்குத்தான் முதல் மரியாதை. அதன்பின் சுவரில் விரல்களால் ஏறுவது, மேஜை மேல் துணியோடு கையை முன்னால் வழுக்கவிடுவது.

சுவர் ஏறும்போது ஒரு தில்லுமுல்லு நடக்கும். மூட்டு நகராமல் தோள்பட்டையே காதுப் பக்கம் எழும்பி, கை உயர்ந்த மாதிரி காட்டும். கண்ணாடி முன் நின்று செய்தால் பிடித்துவிடலாம். எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்து, தினமும் பார்க்காமல் மாதம் ஒருமுறை பார்க்கச் சொன்னார். தினமும் பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல்தான் இருக்கும்.

அடுத்த மழைக்காலத்தில் தளரத் தொடங்கியது. இப்போது ரப்பர் பட்டையை இழுப்பதும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் சேர்ந்திருக்கின்றன, இத்தனை நாள் உபயோகிக்காத தசை மெலிந்துபோயிருக்கிறதே. முதுகுக்குப் பின்னால் டவலைப் பிடித்து மேல் கையால் இழுப்பதைக் கடைசியில்தான் அனுமதித்தார். கிளினிக்கில் அதைத்தான் முதல் வாரமே செய்யச் சொன்னார்கள் என்றபோது நெற்றியில் அடித்துக்கொண்டார்.

இன்ஷூரன்ஸை நம்ப வேண்டாம். அட்மிட் ஆகாத ஃபிசியோவுக்கும் எம்ஆர்ஐக்கும் பாலிசியில் இடமில்லை என்று என் பில் அப்படியே திரும்பி வந்தது, வெளிநோயாளி செலவுக்குத் தனிச் சலுகை இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். கை முழுசாக வருமா என்றால், பலருக்குக் கடைசிக் கொஞ்சம் வராமலே நின்றுவிடுமாம், ஆனால் வேலைக்கு இடைஞ்சல் இருக்காது. அதே தோளில் திரும்ப வருவது அபூர்வம், சிலருக்கு மற்ற தோளில் வரும். அதனால் குளித்துவிட்டு வந்ததும் வலது முழங்கையை இடுப்போடு ஒட்டி வெளியே திருப்பிப் பார்க்கிறேன். எச்பிஏ1சி 7.1-க்கு இறங்கியிருக்கிறது.