அக்காவுக்குத் தேயிலை, தங்கைக்கு மழை

பாடசாலைச் செயற்றிட்டத்தில் எனக்கு மழையளவு, என் இரட்டைத் தங்கைக்குக் கையால் தேயிலை செய்வது. “நீ போத்தலை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாய்” என்பாள் அவள். “நீ இலையைப் பரப்பிவிட்டுத் தூங்குகிறாய்” என்பேன் நான். சண்டை முற்றி, ஆசிரியையிடம் கேட்டுத் தலைப்பை மாற்றிக்கொண்டோம். ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை பிடித்திருக்கும் நேரம், தேயிலை என் தலையில் வந்து விழுந்தது.

வீட்டுத் தோட்டத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, 500 கிராம் கொழுந்தைப் பாயில் மெல்லியதாகப் பரப்பினேன். பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். அது வாடி 275 கிராம் அளவுக்கு இறங்கிய பிறகே உருட்ட வேண்டும். முன்பே உருட்டினால் இலை சுருளாமல் நொறுங்கிவிடும். காய்ந்த காற்று என்றால் ஓர் இரவு போதும். எங்கள் வீட்டிலோ மூடுபனி சன்னல் வழியே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. விடிந்தும் தராசு 400க்குக் கீழே இறங்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இப்படிப்பட்ட நாளில் சூடான காற்றை ஊதுவார்கள். நான் பாயை அடுப்படிக்கு நகர்த்தி மின்விசிறியைப் போட்டேன். கைப்பிடியில் இறுக்கினால் உருண்டை விரியாமல் நிற்கவேண்டும், காம்பு ஒடியாமல் வளையவேண்டும். அதற்காக எழுந்து எழுந்து நிறுத்ததில், தங்கை ‘தூங்கிய’ இரவுகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தது.

பலகையில் உள்ளங்கையால் உருட்டும்போது சாறு கசிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும். ஈரத்துணி மூடி வைத்தால் பச்சை வாசனை போய்ப் பழ வாசனை வரும், நிறம் செம்பாகும். குளிரில் இது மெதுவாகத்தான் நடக்கிறது. கடிகாரத்தை விட மூக்கை நம்பவேண்டும். வறுப்பது சிறுதீயில். தீ கூடினால் மேல் தோல் மட்டும் இறுகி உள்ளே ஈரம் தங்கும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். காம்பை ஒடித்தால் ‘டக்’ என்று முறியவேண்டும். கடைசியில் கிடைத்தது 120 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

தங்கைக்கும் நோகாமல் போகவில்லை. வானிலை நிலையங்கள் காலை 8.30க்கு அளக்கின்றன, அப்போது நாங்கள் வகுப்பில். அதனால் அவள் தினமும் 6 மணிக்கே, குடையோடு, சேற்றில் இறங்குகிறாள். போத்தலின் அடி சமமில்லாததால் கோடு போட்டுப் படிக்காமல் தண்ணீரை அளந்து கணக்கிடுகிறாள்: 10 சென்ரிமீற்றர் அகல வாய்க்கு, 78.5 மில்லிலீற்றர் தண்ணீர் என்றால் 10 மில்லிமீற்றர் மழை. கனமழையில் போத்தல் நிரம்பி வழிந்ததும், அதை ஒரு வாளிக்குள் இறக்கி வைத்துவிட்டாள். அப்போது இரண்டிலும் உள்ள தண்ணீரைச் சேர்த்து அளந்து, வாளி வாயின் அகலத்துக்குக் கணக்கிடலாமாம்.

“அக்கா, இன்றைக்கு இலை பறிக்காதே, வாடாது” என்று காலையில் அவளே வந்து சொல்கிறாள். அடுத்த கொழுந்துக்கு மழை விடும் நாளைப் பார்த்திருக்கிறேன்.